பகடை தந்த ஆறு சொற்கள்

பாஸ்வேர்டு தணிக்கை என் வேலையில் ஒரு பகுதி. ஒரு நிறுவனம் எழுத்துபூர்வமாக அனுமதி தந்த பிறகு, அதன் விண்டோஸ் சர்வரில் இருக்கும் ஊழியர்களின் பாஸ்வேர்டு ஹாஷ்களை எடுத்து, இணையத் தொடர்பில்லாத ஒரு கணினியில் போட்டு, எவையெல்லாம் உடைகின்றன என்று பார்ப்போம். ஹாஷ் என்பது பாஸ்வேர்டை ஒருவழிக் கணக்கில் செலுத்திப் பெறும் எண். அதிலிருந்து பாஸ்வேர்டுக்குத் திரும்பி வர வழி கிடையாது. ஆனால் ஒரு ஊகத்தை எடுத்து அதே கணக்கில் செலுத்தி, விடை பொருந்துகிறதா என்று பார்க்கலாம். உடைப்பது என்று நாங்கள் சொல்வதெல்லாம் இந்த ஊகித்துப் பார்க்கும் வேலைதான்.

எத்தனை வேகத்தில் ஊகிக்க முடியும் என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும். விண்டோஸ் இன்றும் பயன்படுத்தும் என்டிஎல்எம் ஹாஷ், கணக்கிடுவதற்கு மிக எளிதானது. ஹாஷ்கேட் என்ற மென்பொருளை ஆர்டிஎக்ஸ் 4090 கிராபிக்ஸ் கார்டு ஒன்றில் ஓட்டினால் நொடிக்கு ஏறக்குறைய 28,800 கோடி ஊகங்களைச் சோதித்துவிடும். விளையாட்டுப் பிரியர்கள் வாங்கும் கார்டு அது. கட்டுரை முழுவதும் இந்த வேகத்தையே அளவுகோலாக வைத்துக்கொள்கிறேன்.

ஒரு தணிக்கை முடிந்து அறிக்கை கொடுத்தபோது அங்கிருந்த சிஸ்டம் அட்மின் கேட்டார்: “சார், பாஸ்வேர்டு வைக்கிற பக்கத்துல மீட்டர் பச்சையாத்தானே காட்டுச்சு, அப்புறம் எப்படி உடைஞ்சது?” நல்ல கேள்வி. மீட்டர் எதை அளக்கிறது, நாங்கள் எதை அளக்கிறோம் என்பதில்தான் விஷயமே இருக்கிறது. அந்தத் தணிக்கையில் சில நொடிகளில் உடைந்தவற்றின் அச்சில் நான் இங்கே ஒன்றை அமைத்துக்கொள்கிறேன்:

```
Meenakshi@1985
```

14 எழுத்துகள். பெரிய எழுத்து உண்டு, சிறிய எழுத்து உண்டு, குறியீடு உண்டு, எண் உண்டு. விசைப்பலகையில் அடிக்கக்கூடிய குறிகள் மொத்தம் 95. ஒவ்வொரு இடத்திலும் 95இல் ஏதாவது ஒன்று வரலாம் என்று எடுத்துக்கொண்டால், இதற்கான கணக்கு இப்படி:

```
H = L × log2(N)
14 × log2(95) ≈ 92
```

92 பிட். பச்சை காட்டும் எளிய மீட்டர்கள் கிட்டத்தட்ட இந்தக் கணக்கைத்தான் போடுகின்றன. ஒரு பிட் என்பது ஆம், இல்லை என்ற ஒரே ஒரு கேள்விக்கான விடை. 1948இல் கிளாட் ஷானன் தகவலை அளக்க எடுத்துக்கொண்ட அலகு அது. ஒரு நாணயத்தைச் சுண்டினால் ஒரு பிட், ஒரு பகடையை உருட்டினால் 2.58 பிட். ஒரு பிட் கூடினால் ஊகிக்க வேண்டிய எண்ணிக்கை இரட்டிப்பாகும், பத்து பிட் கூடினால் ஆயிரம் மடங்குக்கு மேல். 92 பிட் உண்மையாக இருந்திருந்தால் அந்தக் கார்டு பல கோடி ஆண்டுகள் ஓடினாலும் அதை எட்டியிருக்காது.

இப்போது நாங்கள் போடும் கணக்கு. எங்களிடம் பெயர்ப் பட்டியல் இருக்கிறது. தமிழ்நாட்டில் வழங்கும் பெயர்கள், தெய்வப் பெயர்கள், ஊர்கள் என்று 5,000 சொற்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். அது 12.3 பிட். முதல் எழுத்து பெரியதா சிறியதா என்பது ஒரு பிட். நடுவில் வரும் குறியீடு @, #, _, புள்ளி, ! என்று பெரும்பாலும் ஐந்தில் ஒன்று, அது 2.3 பிட். 1950 முதல் 2025 வரை 76 ஆண்டுகள், அது 6.2 பிட். எல்லாவற்றையும் பெருக்கினால் 38 லட்சம் ஊகங்கள், அதாவது ஏறக்குறைய 22 பிட். நொடிக்கு 28,800 கோடி என்ற வேகத்துக்கு 38 லட்சம் ஒரு பொருட்டே இல்லை. கண் இமைக்கும் நேரத்தில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட ஆகாது.

92, 22 என்ற இரண்டு எண்களும் ஒரே பாஸ்வேர்டுக்குத்தான். எழுத்துகள் மாறவில்லை. முதல் கணக்கு, அந்த 14 எழுத்துகளும் ஒன்றோடொன்று தொடர்பில்லாமல் குருட்டுத்தனமாகத் தேர்ந்தெடுக்கப்பட்டவை என்று எடுத்துக்கொண்டது. இரண்டாவது கணக்கு, அவற்றைத் தேர்ந்தெடுத்த மனிதர் உண்மையில் என்ன செய்தார் என்று பார்த்தது. அவர் 14 முறை தேர்வு செய்யவில்லை. ஒரு பெயர், அதன் முதல் எழுத்தின் அளவு, ஒரு குறியீடு, ஓர் ஆண்டு என்று நான்கு முறைதான் தேர்வு செய்தார். என்ட்ரோபி என்பது திரையில் தெரியும் எழுத்து வரிசைக்கு உரிய எண் அல்ல, அது பிறந்த முறைக்கு உரிய எண். இதை ஒருவர் உள்வாங்கிக்கொண்டால் பாஸ்வேர்டு பற்றிய மற்ற எல்லாமே தானாக விளங்கிவிடும் என்று நான் நம்புகிறேன்.

a-வுக்குப் பதில் @, o-வுக்குப் பதில் 0 என்று மாற்றும் பழக்கத்தையும் இதே கண்ணால் பாருங்கள். ஹாஷ்கேட்டில் அதற்கு ஒரு வரி விதி போதும்:

```
c sa@ so0 $1 $2 $3
```

முதல் எழுத்தைப் பெரிதாக்கு, a வந்தால் @ ஆக்கு, o வந்தால் 0 ஆக்கு, கடைசியில் 123 சேர். இந்த விதி பட்டியலில் உள்ள ஒவ்வொரு சொல்லின் மீதும் ஓடும். பயனர் அரை நிமிடம் யோசித்துச் செய்த மாற்றம், தாக்குபவருக்கு விதிக் கோப்பில் ஒரு கூடுதல் வரி. அப்படி 1,000 விதிகள் இருந்தால்கூட அது 10 பிட்தான்.

இந்தச் சிக்கலான பாஸ்வேர்டு விதிகள் எங்கிருந்து வந்தன என்பதைச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அவற்றை வகுத்தவர்கள் என்ட்ரோபி தெரியாதவர்கள் அல்லர். அமெரிக்கத் தரநிலை அமைப்பான நிஸ்ட்டுக்காக 2003இல் பில் பர் எழுதிய வழிகாட்டியில் மனிதர்கள் தேர்ந்தெடுக்கும் பாஸ்வேர்டுகளுக்கு ஒரு மதிப்பீடு இருந்தது. முதல் எழுத்துக்கு 4 பிட், அடுத்த ஏழு எழுத்துகளுக்குத் தலா 2 பிட், அதன்பின் இருபதாவது எழுத்துவரை தலா ஒன்றரை பிட். பெரிய எழுத்தும் எழுத்தல்லாத குறியும் கட்டாயம் என்று விதி வைத்தால் கூடுதலாக 6 பிட். அந்த 6 பிட்தான் உலகமெங்கும் பரவி, எட்டு எழுத்து, ஒரு பெரிய எழுத்து, ஓர் எண், ஒரு குறியீடு என்ற கட்டளையாக நம் வங்கிப் பக்கம்வரை வந்து சேர்ந்தது.

அப்போது சோதித்துப் பார்க்க உண்மையான பாஸ்வேர்டுகள் பெரிய அளவில் யாரிடமும் இல்லை. 2009 டிசம்பரில் ராக்யூ என்ற நிறுவனத்திலிருந்து 3 கோடியே 20 லட்சம் பாஸ்வேர்டுகள், ஹாஷ்கூட செய்யப்படாமல், அப்படியே கசிந்தன. அடுத்த ஆண்டே மாட் வெயரும் அவருடைய குழுவினரும் அவற்றை வைத்து நிஸ்ட் மதிப்பீட்டைச் சோதித்தார்கள். அது பொருந்தவில்லை. பெரிய எழுத்து வேண்டும் என்றால் மக்கள் அதை முதலில் வைக்கிறார்கள். எண் வேண்டும் என்றால் கடைசியில் வைக்கிறார்கள். விதி தரும் என்று எதிர்பார்த்த 6 பிட்டை மனிதப் பழக்கம் தின்றுவிடுகிறது. 2017இல் நிஸ்ட் அந்த விதிகளைக் கைவிட்டது. ஓய்வு பெற்றிருந்த பில் பர், 2003இல் எழுதியதில் பலவற்றுக்கு வருந்துவதாகப் பத்திரிகையில் வெளிப்படையாகச் சொன்னார். அப்படிச் சொல்ல முன்வந்ததற்காக அவர் மீது எனக்கு மிகுந்த மரியாதை உண்டு.

இதற்கு மாற்று 1995லேயே வந்துவிட்டது. ஆர்னால்ட் ரெய்ன்ஹோல்ட் என்பவர் டைஸ்வேர் என்ற முறையை வெளியிட்டார். ஐந்து பகடைகளை உருட்டினால் 6 × 6 × 6 × 6 × 6, அதாவது 7,776 விதமான விடைகள் வரலாம். 7,776 சொற்கள் கொண்ட ஒரு பட்டியல், ஒவ்வொரு சொல்லுக்கும் 11111 முதல் 66666 வரை ஓர் எண். உருட்டி, இடமிருந்து வலமாகப் படித்து, அந்த எண்ணுக்கு நேரே உள்ள சொல்லை எழுதிக்கொள்ள வேண்டும். வேண்டிய சொற்கள் கிடைக்கும்வரை திரும்ப உருட்ட வேண்டும். ஒரு சொல்லுக்கு 12.9 பிட். பட்டியல் ரகசியம் இல்லை, யார் வேண்டுமானாலும் இறக்கிக்கொள்ளலாம். முறையும் ரகசியம் இல்லை. தாக்குபவருக்கு இரண்டும் தெரியும் என்று வைத்துக்கொண்டுதான் 12.9 என்ற எண்ணையே போடுகிறோம். இப்படிச் சொற்களால் ஆன பாஸ்ஃபிரேஸின் அழகு எனக்கு இங்கேதான் தெரிகிறது: எதிராளிக்கு எல்லாம் தெரிந்த பிறகும் குறையாத எண் அது.

எத்தனை சொல் வேண்டும்? நம் அளவுகோலில் பார்ப்போம். எட்டு எழுத்துகளை 95 குறிகளிலிருந்து உண்மையிலேயே குருட்டுத்தனமாகத் தேர்ந்தெடுத்தால் 52.6 பிட். அந்தக் கார்டு ஆறரை மணி நேரத்துக்குள் மொத்தத்தையும் முடித்துவிடும். நான்கு டைஸ்வேர் சொற்கள் 51.7 பிட். அதற்கு மூன்றரை மணி நேரம். ஆம், நான்கு சொற்கள் எட்டு எழுத்துகளைவிடக் கொஞ்சம் குறைவுதான். நீளமாக இருப்பதாலேயே அது வலுவாகிவிடுவதில்லை. ஐந்து சொற்களுக்கு மூன்று ஆண்டுகள். ஆறு சொற்களுக்கு, 77.5 பிட்டுக்கு, 24,000 ஆண்டுகளுக்கு மேல். ஆயிரம் கார்டுகளை ஒன்றாக ஓட்டினாலும் 24 ஆண்டுகள். அதனால்தான் ஆறு என்று சொல்கிறேன்.

2011இல் ராண்டால் மன்ரோ தன் எக்ஸ்கேசிடி தொடரில் வரைந்த பாஸ்வேர்டு சித்திரத்தைப் பார்த்திருப்பீர்கள். நான்கு எளிய சொற்களுக்கு 44 பிட், சின்னங்கள் நிறைந்த ஒரு கடினமான பாஸ்வேர்டுக்கு 28 பிட் என்று அது கணக்குக் காட்டியது. கணக்கு சரி. ஆனால் அவர் எடுத்துக்கொண்ட வேகம் நொடிக்கு 1,000 ஊகங்கள், இணையத்தில் ஒரு லாகின் பக்கத்தைத் தட்டிப் பார்க்கும் வேகம். ஹாஷ் கைக்கு வந்துவிட்டால் 44 பிட்டுக்கு ஒரு நிமிடம் போதும். அந்தச் சித்திரத்தைப் பார்த்து நான்கு சொற்களோடு நிறுத்திக்கொண்டவர்கள் நிறைய. சித்திரத்திலேயே வந்த நான்கு சொற்களை அப்படியே வைத்துக்கொண்டவர்களும் உண்டு. அவை எங்கள் பட்டியல்களில் எப்போதோ சேர்ந்துவிட்டன.

எட்டு எழுத்தை விட்டுவிட்டு 12 எழுத்துகளைக் குருட்டுத்தனமாக எடுத்தால் 78.8 பிட் கிடைக்குமே, அது ஆறு சொற்களுக்குச் சமம்தானே என்று கேட்கலாம். சமம்தான், சற்று மேலும்கூட. பாஸ்வேர்டு மேலாளர் மென்பொருளுக்குள் கிடக்கும் பாஸ்வேர்டுகளுக்கு அதுவே போதும். ஆனால் மனதில் வைத்துக்கொண்டு தினமும் கையால் அடிக்க வேண்டிய இடத்தில் அப்படிப்பட்ட 12 குறிகளை யாரும் வைத்துக்கொள்வதில்லை. அவற்றை மாற்றித் தமக்கு வசதியாக்கிக்கொள்கிறார்கள், அந்த வசதியில் பிட்கள் போய்விடுகின்றன. சொற்களோ மனதில் படம் பிடித்துக்கொள்ளும். 2014இல் ஜோசப் பொன்னோவும் ஸ்டூவர்ட் ஷெக்டரும் நடத்திய ஆய்வில், குருட்டுத்தனமாகத் தேர்ந்தெடுக்கப்பட்ட 56 பிட் ரகசியத்தைக்கூட, இடைவெளி விட்டுத் திரும்பத் திரும்ப அடிக்கவைத்தால், சாதாரண மனிதர்கள் நினைவில் பதித்துக்கொள்கிறார்கள் என்று காட்டினார்கள். என் அனுபவமும் அதுவே. ஒரு தாளில் எழுதி பர்ஸில் வைத்துக்கொண்டு, நாளுக்கு நாலைந்து முறை அடித்தால், ஒரு வாரத்துக்குள் தாளைப் பார்க்க வேண்டிய தேவை போய்விடும். அதன்பின் தாளைக் கிழித்துவிடலாம்.

சொந்தமாகச் சொற்களை யோசித்து எடுத்தால் என்ன என்று எல்லா வகுப்பிலும் ஒருவர் கேட்பார். சிலர் இன்னும் நயமாக, “குறள் ஒண்ணை இங்கிலீஷ் எழுத்துல அடிச்சா நீளமா இருக்குமே” என்பார்கள். நீளமாகத்தான் இருக்கும், நாற்பது ஐம்பது எழுத்துகள் வரும். ஆனால் குறள்கள் 1,330. அதில் ஒன்றைத் தேர்ந்தெடுப்பது 10.4 பிட். அதை ரோமன் எழுத்தில் நூறு விதமாக எழுதலாம் என்று தாராளமாக வைத்துக்கொண்டாலும் 17 பிட், ஒரு லட்சத்து 33 ஆயிரம் ஊகங்கள். நடைமுறையில் எல்லோரும் தேடிப்போவது நன்கு தெரிந்த பத்திருபது குறள்களைத்தான் என்பதால் அதுவும் வராது. திரைப்பாடல் பல்லவிக்கும் இதே கணக்குதான். மனப்பாடமாகத் தெரிந்த வரி என்றாலே அது எங்கேயோ ஒரு பட்டியலில் இருக்கிறது.

பகடையை உருட்டியவர்களும் சறுக்கும் இடம் ஒன்று உண்டு. வந்த சொல் பிடிக்கவில்லை என்று மறுபடி உருட்டுவது. முழுத் தொடரையும் பத்து முறை உருட்டி, பிடித்த ஒன்றை எடுத்துக்கொண்டால் அதிகபட்சம் 3.3 பிட்தான் குறையும், அது பெரிய இழப்பு இல்லை. ஆனால் தெரியாத சொல் வரும்போதெல்லாம் அதை மட்டும் தள்ளிவிட்டு வேறு சொல் எடுப்பது வேறு விஷயம். 7,776 ஆங்கிலச் சொற்களில் உங்களுக்குப் பழகியவை 2,000தான் என்றால், உங்கள் உண்மையான பட்டியல் அந்த 2,000. ஒரு சொல்லுக்கு 11 பிட், ஆறு சொற்களுக்கு 66 பிட். 24,000 ஆண்டுகள் என்பது ஏழு ஆண்டுகளாகச் சுருங்கிவிடும். அதற்கு ஒரு சொல் கூடச் சேர்த்துக்கொண்டால் சரியாகிவிடும், ஆனால் செய்தது என்ன என்று தெரிந்தால்தானே சேர்க்க முடியும்?

ரெய்ன்ஹோல்டின் முதல் பட்டியலில் சுருக்கெழுத்துகளும் விநோதமான துண்டுகளும் நிறைய இருந்ததால் இந்தச் சறுக்கல் எளிதாக நடக்கும். 2016இல் அமெரிக்காவின் எலெக்ட்ரானிக் ஃப்ரன்டியர் ஃபவுண்டேஷனுக்காக பொன்னோ புதிய பட்டியல்களைத் தொகுத்தார். கென்ட் பல்கலைக்கழகத்தின் சொல்லறிதல் தரவுகளைக் கொண்டு, மக்களுக்குத் தெரிந்த, மனதில் உருவம் எழக்கூடிய சொற்களாக எடுத்தார். ஆங்கிலம் ஓரளவு பழகியவர்களுக்கு இன்று நான் சொல்வது அந்த நீளமான பட்டியலைத்தான். பகடை கையில் இல்லை என்றால் லினக்ஸில் இந்த ஒரு வரி அதே வேலையைச் செய்யும்:

```
shuf -r -n 6 --random-source=/dev/urandom eff_large_wordlist.txt | cut -f2
```

ஆங்கிலம் பழகாதவர்களுக்காகத் தமிழ்ச் சொற்களை ரோமன் எழுத்தில் வைத்து ஒரு பட்டியல் தொகுக்க உட்கார்ந்தபோதுதான் ஒரு பட்டியலுக்கு எத்தனை கவனம் வேண்டும் என்று எனக்குப் புரிந்தது. நான்கு பகடைக்கு 1,296 சொற்கள், ஒரு சொல்லுக்கு 10.3 பிட். முதல் தொல்லை எழுத்துக்கூட்டல். மழையையும் மலையையும் ஒரே மாதிரி அடிப்பவர்கள் உண்டு. வாழைக்கு ஒரு a போடுவோரும் இரண்டு போடுவோரும் உண்டு. படகை g போட்டும் எழுதலாம், k போட்டும் எழுதலாம். பாஸ்வேர்டில் ஓர் எழுத்து மாறினாலும் கதவு திறக்காது. ஆகவே ழ, ள, நெடில், தடுமாற்றம் தரும் வல்லினம் எல்லாவற்றையும் தவிர்த்துவிட்டு maram, nari, vandi போல ஒரே விதமாக மட்டும் எழுதக்கூடிய சொற்களாகத் தேட வேண்டியிருந்தது.

இரண்டாவது தொல்லை சொற்கள் ஒட்டிக்கொள்வது. pon, mani, ponmani மூன்றும் பட்டியலில் இருந்தால், இடைவெளி விடாமல் அடிப்பவருக்கு இரண்டு சொல்லும் ஒரு சொல்லும் ஒன்றாகிவிடும். தனித்தனி உருட்டல்கள் ஒரே தொடரில் போய் முடியும், அந்த அளவுக்கு பிட் குறையும். சொற்களுக்கு நடுவே இடைவெளியோ சிறுகோடோ போட்டால் இது தீர்ந்துவிடும். இந்தப் பட்டியலில் எட்டுச் சொற்கள் எடுத்தால் 82.7 பிட். நீளம் கூடுகிறது, ஆனால் என் அம்மா வயதுக்காரர்கள் இதைத்தான் விரும்புகிறார்கள். அவர்களுக்கு ஒவ்வொரு சொல்லும் கண்ணில் தெரியும் பொருள்.

தமிழ் எழுத்திலேயே வைத்தால் என்ன? ஆசைதான், இப்போதைக்குப் பரிந்துரைக்க மாட்டேன். ‘கொ’ என்ற எழுத்தின் ஒகரக் குறியை யூனிகோடில் ஒரே குறியாகவும் பதியலாம், முன்னால் ஒரு கொம்பு பின்னால் ஒரு கால் என்று இரண்டு குறிகளாகவும் பதியலாம். திரையில் வித்தியாசமே தெரியாது. ஹாஷ் முற்றிலும் வேறாக வரும். கைபேசியில் வைத்த பாஸ்வேர்டு அலுவலகக் கணினியில் ஏற்காமல் போனால் காரணத்தைக் கண்டுபிடிக்கவே நேரம் பிடிக்கும்.

தளத்தின் பக்கம் இருக்கும் ஹாஷின் பங்கையும் சொல்ல வேண்டும். நான் எடுத்துக்கொண்ட என்டிஎல்எம் மிக வேகமானது. பிகிரிப்ட் போன்ற மெதுவான ஹாஷை, செலவு அளவை 12 என்று வைத்து ஓட்டினால், அதே கார்டில் நொடிக்கு ஆயிரத்து நானூறு ஊகங்கள் அளவுக்கே வரும். அங்கே நான்கு சொற்களே 80,000 ஆண்டுகள் நிற்கும். ஆனால் அந்த 22 பிட் மீனாட்சியை அதுவும் காப்பாற்றாது. 38 லட்சம் ஊகங்களுக்கு முக்கால் மணி நேரம் போதும். எந்தத் தளம் எந்த ஹாஷை வைத்திருக்கிறது என்று வெளியிலிருந்து நமக்குத் தெரியப்போவதில்லை, ஆகவே மோசமானதை வைத்தே கணக்குப் போடுகிறேன்.

நான் மனதில் வைத்திருப்பவை சொற்பம்: கணினி வட்டின் பூட்டு, பாஸ்வேர்டு மேலாளரின் பூட்டு, மின்னஞ்சல். இவை மூன்றுக்கும் ஆறு சொற்கள், ஒன்றுக்கொன்று தொடர்பில்லாதவை. மற்ற எல்லாத் தளங்களுக்கும் மேலாளர் உருவாக்கும் எழுத்துகள், தளத்துக்கு ஒன்று. போலிப் பக்கத்தில் போய் நாமே அடித்துக் கொடுத்துவிட்டால் 77 பிட்டும் ஒன்றுதான், ஏழு பிட்டும் ஒன்றுதான். அதற்கு மருந்து வேறு.

பாஸ்ஃபிரேஸ் வைத்தவுடன் ஒரு சோதனையை மட்டும் தவறாமல் செய்கிறேன். சில பழைய அமைப்புகள் நீளமான பாஸ்வேர்டை ஏற்பதுபோலக் காட்டிவிட்டு, உள்ளே வெட்டிவிடும். பழைய யூனிக்ஸ் முறை முதல் எட்டு எழுத்துகளை மட்டுமே பார்த்தது. பிகிரிப்ட் 72 பைட்டுக்கு மேல் பார்ப்பதில்லை. ஆறு ஆங்கிலச் சொற்கள் பெரும்பாலும் 50 எழுத்துக்குள் அடங்குவதால் அந்த 72 இடிக்காது, ஆனால் எட்டு இடித்தால் ஆறு சொற்களில் முதல் சொல்லும் அடுத்ததில் ஒரு துண்டும்தான் மிஞ்சும். அதனால் வெளியேறிவிட்டு, கடைசிச் சொல்லை விட்டுவிட்டு மறுபடி நுழைந்து பார்க்கிறேன். உள்ளே விட்டுவிட்டால் அந்த இடத்துக்குப் பாஸ்ஃபிரேஸ் வேண்டாம். அது எத்தனை எழுத்துவரை பார்க்கிறது என்று ஒவ்வொன்றாகக் குறைத்துக் கண்டுபிடித்து, அத்தனை எழுத்துகளையும் மேலாளரிடமிருந்து குருட்டுத்தனமாக வாங்கி நிரப்பிவிட்டு, அந்தத் தளத்துக்குப் பொறுப்பானவருக்கு ஒரு கடிதம் எழுதிவிடுகிறேன்.